‘போடாதே’ என்று எழுதாத ஸ்லைடுகள்

தூள் கலக்கும் மிக்சர் இயந்திரத்துக்குள் இறந்துபோன ஃபிட்டரின் மனைவிக்கு அதே ஆலையில் வேலை கொடுத்தார்கள். சலவைத்தூள் செய்யும் ஆலை. வாசலைத் தாண்டும்போதே மூக்கில் எலுமிச்சை வாசனை ஏறும். கணவரின் சட்டையில் பல வருடம் முகர்ந்த வாசனைதான். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது அழுகை வந்துவிடுமோ என்று அவளே சற்றுப் பயந்தாள். வரவில்லை. தும்மல்தான் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோதும் இப்படித்தான். அவர்கள் முதுகை அவள் தட்டிக்கொடுத்தாள், தண்ணீர் கொடுத்தாள். “கல்லாட்டம் உக்காந்திருக்கா பாரு” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கல் என்பது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு உதடு இருக்குமே, அதுதான். இருக்கிறது, பேசுகிறது, கடித்தால் மட்டும் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு டிடிபி கடையில் தமிழ் டைப் செய்துகொண்டிருந்தாள். பத்திரிகை, நோட்டீஸ், கடை போர்டு. அதனால் ஆலையில் அவளைப் பாதுகாப்புப் பிரிவில் உட்காரவைத்தார்கள். அந்தப் பிரிவு என்பதே ஒரு அறையும் ஒரு மனிதரும்தான். அறைக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றாத அந்த அதிகாரியை எல்லாரும் சேஃப்டி சார் என்பார்கள். மின்விசிறி தலையில் விழுந்தால்கூட அவருக்கு ஒன்றும் ஆகாது என்று கேண்டீனில் ஒரு கேலி உண்டு.

“ஒரு ஸ்லைடு ஷோ இருக்கும்மா,” என்றார் அவர். “புதுசா சேர்றவங்களுக்குப் போட்டுக் காட்டறது. இத்தனை நாள் இங்கிலீஷ்லயே ஓட்டிட்டோம். தமிழ்லயும் வங்காளத்துலயும் பண்ணணும். இங்க வேலை செய்யறவங்க பாதிப் பேருக்குத் தமிழ், பாதிப் பேருக்கு வங்காளம். படிக்கத் தெரியாதவங்களும் இருக்காங்க. அதனால படம் பெரிசா, எழுத்து கொஞ்சமா. ஒரு ஸ்லைடுக்கு ஒரு வேலை. ஒரு வினைச்சொல். அவ்வளவுதான்.”

“சரி சார்.”

“போன வருஷம் ஒருத்தர் கம்ப்யூட்டர்லயே மொழிபெயர்த்துக் கொடுத்தார். பாருங்க, சிரிப்பு வரும்.”

அவள் பார்த்தாள். வழுக்கும் தரையில் நடக்கும் மனிதனின் படத்துக்குக் கீழே ‘உங்கள் படியைக் கவனியுங்கள்’ என்று இருந்தது. தாழ்வான குழாய்க்குக் கீழே ‘உங்கள் தலையை மனதில் கொள்ளுங்கள்’. தீ விபத்து ஒத்திகைக்கு ‘நெருப்புத் துளைக் கருவி’. சேஃப்டி சார் அவள் முகத்தைப் பார்த்தார். தான் சிரிப்பதை அவர் எதிர்பார்க்கிறார் என்று உணர்ந்து சிரித்தாள்.

பிறகு அவர் தயங்கினார். ஹெல்மெட்டின் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“வங்காளத்துக்கு ஒரு ஆள் வேணும். ரெண்டு மொழியும் பேசவும் படிக்கவும் தெரிஞ்சவர் இங்க ஒருத்தர்தான் இருக்கார். அது யாருன்னு உங்களுக்கே தெரியும். உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம், நான் வெளிய யாரையாவது பாக்கறேன்.”

அவளுக்குத் தெரியும். அன்றைக்கு மிக்சரின் ஸ்விட்சைப் போட்டவர் அவர்தான்.

“பரவாயில்ல சார்,” என்றாள்.

தைரியத்தால் சொன்னதல்ல அது. பெருந்தன்மையாலும் அல்ல. கஷ்டம் என்று எதைச் சொல்கிறார் என்று உள்ளே தேடிப் பார்த்தாள். கையில் எதுவும் அகப்படவில்லை.

வங்காள மொழிக்காரர்கள் அந்த மனிதரை ‘தாதா’ என்று கூப்பிட்டார்கள். அவர்கள் மொழியில் அண்ணன் என்று அர்த்தம். தமிழ் ஆட்களுக்கு அது தெரிந்திருந்தும், ஈர்க்குச்சி போல இருக்கும் மனிதரை தாதா என்று கூப்பிடும் சுகத்தை விட மனமில்லை. அவளுடைய கணவருக்கு மட்டும் அவர் வெறும் ‘டா’. “என்னடா, சாப்ட்டியாடா, வாடா.” வீட்டுக்கு இரண்டு மூன்று முறை கூட்டிவந்திருக்கிறார். அப்போதெல்லாம் தாதா அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

இப்போது அவர் அறைக்குள் வந்து சுவரோரமாக நின்றார். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவுமே கூப்பிடவில்லை.

“உக்காருங்க,” என்றாள். “முதல் ஸ்லைடு கையுறை.”

*

வேலை ஓடியது. சேஃப்டி சார் படங்களின் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுத்தார். மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது. சிவப்பு வளையமும் குறுக்குக் கோடும் செய்யக் கூடாதது. பச்சை என்றால் தப்பிக்கும் வழி, முதலுதவி. இந்த நிறங்களை மாற்றக் கூடாது, அழகுக்காக எதையும் சேர்க்கக் கூடாது.

முதலில் அவள் ‘கையுறை அணி’ என்று டைப் செய்தாள். தாதா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இது கிரிக்கெட் டீம் மாதிரியா?” என்று கேட்டார். உண்மையில் தெரியாமல் கேட்டதுதான். அடுத்து தலைக்கவசம் அணி, அதற்கடுத்து கண்ணாடி அணி. மூன்று அணிகள் மோதும் கோப்பைப் போட்டி போலத்தான் இருந்தது. அவள் எல்லாவற்றையும் ‘மாட்டுங்கள்’ என்று மாற்றினாள்.

‘மாட்டு’ என்பதா ‘மாட்டுங்கள்’ என்பதா என்று அடுத்த பேச்சு. ஒற்றைச் சொல்லில் முடித்தால் சுருக்கம். ஆனால் ஐம்பது வயது ஆளைப் பார்த்து சுவர் ‘மாட்டு’ என்று அதட்டினால் அவர் சுவரை மதிப்பாரா? வங்காளத்திலும் அதே கதை, நீ ஒரு விதம், நீங்கள் ஒரு விதம். கடைசியில் எல்லாவற்றுக்கும் மரியாதை, ‘நில்’ ஒன்றுக்கு மட்டும் மரியாதை வேண்டாம் என்று முடிவானது. ஓடிவருகிறவனைத் தடுக்கும்போது யாரும் ‘நில்லுங்கள்’ என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல், திரையைப் பார்த்தே பேசினார்கள். திரை ஒரு நல்ல வசதி. இரண்டு பேரும் பார்க்க அங்கே ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

தூளை நொறுக்கும் உருளைகளின் ஸ்லைடு வந்தது. சுழலும் இரண்டு உருளைகள், நடுவே கை, மேலே சிவப்பு வளையம். அவள் ‘கையை உள்ளே விடாதீர்கள்’ என்று எழுதினாள். தாதா வங்காளத்தில் டைப் செய்தார். படத்துக்குப் பக்கத்தில் இடம் போதவில்லை. எழுத்துப் பெட்டியைச் சுருக்கினாள். அப்போது வங்காள வரியின் கடைசிச் சொல் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

தாதாவின் கை மேசையிலிருந்து எழுந்து அப்படியே நின்றது.

“அது போச்சுன்னா ‘கையை உள்ள விடுவீங்க’ன்னு ஆயிடும்,” என்றார்.

“எது போச்சு?”

“‘நா’. எங்க பாஷைல வேணாம்ங்கறது அந்த ஒரு எழுத்துதான். அதுவும் கடைசில வரும்.”

அவள் பெட்டியைப் பெரிதாக்கினாள். ‘நா’ திரும்பி வந்தது. டிடிபி கடையில் இப்படி எத்தனை முறை கடைசி வார்த்தை வெட்டுப்பட்டிருக்கிறது. நோட்டீஸில் ஒரு நன்றி போனால் போனதுதான், யாருக்கும் விரல் போகாது.

“தமிழ்லயும் கடைசிலதான்,” என்றாள் அவள். “விடு, விடாதே. வால்லதான் இருக்கு.”

“தெரியும்,” என்றார் தாதா.

அந்த ‘தெரியும்’ வேறு மாதிரி இருந்தது. அவள் திரையிலிருந்து பார்வையை எடுத்து அவரை நேராகப் பார்த்தாள். ஆலைக்கு வந்த பிறகு அதுதான் முதல் முறை.

“அன்னிக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டாள். கடையில் விலை கேட்பது போலத்தான் அவள் குரல் இருந்தது.

அவர் சொன்னார். டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். மிக்சர் நின்றிருந்தது. அடுத்த சரக்கு காத்திருந்தது. மேலே மேடையில் யாரையும் காணவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியாது. பக்கத்தில் பெரிய காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, எதிரில் நிற்பவர் பேசுவதே கேட்காது. இருந்தாலும் வழக்கப்படி சத்தமாகக் கேட்டார், “போடலாமா?” மேலிருந்து பதில் வந்தது. அண்ணன் குரல். மேடைக்குப் பின்னால் எங்கோ நிற்கிறார் என்று நினைத்தார்.

“என்ன சொன்னாரு?”

“‘போடுடா’ன்னு கேட்டுச்சு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “‘போடாத’ன்னு சொல்லியிருக்காரு. எனக்கு ‘போடுடா’ன்னுதான் கேட்டுச்சு. அண்ணன் எப்பவும் என்னை டா போட்டுத்தானே கூப்பிடுவாரு. விசாரணைல ‘யாராவது போடச் சொன்னாங்களா’ன்னு கேட்டாங்க. இறந்தவர் சொன்னாருன்னு நான் எப்படிச் சொல்றது? இல்லன்னு சொல்லிட்டேன்.”

அவள் விசைப்பலகையைப் பார்த்தாள். வெற்று ஸ்லைடு ஒன்றைத் திறந்தாள். ‘போடாத’ என்று டைப் செய்தாள். அதற்குக் கீழே ‘போடுடா’ என்று டைப் செய்தாள். இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள், கணவர் சொல்வது போலவே, கடைசி எழுத்தை விழுங்கி: ‘போடா’. அவர் எதையும் முழுதாகச் சொல்லி முடிக்கிற ஆள் இல்லை. கதவருகே நின்று “வர்றே” என்பார், ‘ன்’ செருப்போடு வெளியே போய்விடும்.

“ஆமா,” என்றாள். “அவர் சொன்னா அப்படித்தான் கேக்கும்.”

தாதாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அவள் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள். ஊசி போட்ட உதட்டுக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், ஏதோ ஒன்று வலிப்பது போல இருந்தது. அது தன்னுடையதுதானா என்றுகூட நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் அந்த ஸ்லைடை அழித்தாள்.

“மறுப்பு வர்ற ஸ்லைடு எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்,” என்றாள். “வால் அறுந்தாலும் அர்த்தம் மாறாத மாதிரி எழுதணும்.”

அப்படித்தான் எழுதினார்கள். ‘கையை உள்ளே விடாதீர்கள்’ போய், ‘கையை வெளியே வையுங்கள்’ வந்தது. ‘ஓடாதீர்கள்’ போய் ‘நடந்து செல்லுங்கள்’. ‘கீழே நிற்காதீர்கள்’ என்பது ‘விலகி நில்லுங்கள்’ ஆனது. சில இடங்களில் வேறு வழியே இல்லை. புகைபிடிக்காதே என்பதை மறுப்பில்லாமல் எப்படிச் சொல்வது? அங்கே சிவப்பு வளையத்தைப் பெரிதாக்கி, மறுப்புச் சொல்லைத் தனி வரியில், மற்ற எழுத்தைவிடத் தடிமனாகப் போட்டார்கள்.

*

நாத்தனாருக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. சாயங்காலம் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள்.

“அண்ணி, நெசந்தானா? அவன் பக்கத்துல உக்காந்து வேலை பாக்கறீங்களாமே.”

“ஆமா.”

“எப்படி அண்ணி உங்களால உக்கார முடியுது?”

“நாற்காலி அங்கதான் போட்டிருக்காங்க.”

சொன்ன பிறகுதான் அது திமிரான பதில் போல இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. திமிர் எதுவும் இல்லை. நாத்தனாரின் கண் நிறைந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே முகம். மூக்கு சிவப்பதுகூட ஒரே மாதிரி. அந்த முகம் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவளுடைய மகள் பெருக்கல் வாய்ப்பாட்டைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள், பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“அவர் போடாதன்னுதான் சொல்லியிருக்கார்,” என்றாள் அவள். “சத்தத்துல தப்பாக் கேட்டிருக்கு.”

“அவன் சொன்னா நம்பிடுவீங்களா?”

“உங்க அண்ணன் பேசறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

நாத்தனார் படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். போகும்போது, “உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணி?” என்று கேட்டாள். டாக்டரிடம் கூட்டிப்போக நினைக்கிறவளின் குரல் அது.

“ஒண்ணும் ஆகல. அதான்.”

*

ஸ்லைடுகள் தயாரானதும் சேஃப்டி சார் உடனே போட்டுக் காட்ட ஒப்புக்கொள்ளவில்லை. “நமக்குப் புரியுது, சரி. அவங்களுக்குப் புரியுதான்னு முதல்ல பாக்கணும்.” அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்ட வேண்டும். ஆட்களை ஒவ்வொருவராகத்தான் கூப்பிட வேண்டும், கும்பலாக வந்தால் ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லிவிடுவார். ‘இது ஹெல்மெட்தானே?’ என்று எடுத்துக்கொடுக்கக் கூடாது. ‘இது என்ன சொல்லுது?’ என்று மட்டும் கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் திருத்தக் கூடாது. தப்பு படத்தினுடையது.

தமிழ் ஆட்களிடம் அவள் கேட்டாள். வங்காள ஆட்களிடம் தாதா கேட்டார்.

நீல வட்டத்துக்குள் காது மூடி மாட்டிய தலையைப் பார்த்து பேக்கிங் அம்மா ஒருவர் முகம் மலர்ந்தார். “பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலை செய்யலாம்னு சொல்லுது. நல்ல கம்பெனிதான்.” கண் கழுவும் குழாயின் பச்சைப் படத்தை ஒருவர் ‘அழுகிறவர்கள் இங்கே வரலாம்’ என்று படித்தார். சேஃப்டி சார் குனிந்து குறித்துக்கொண்டார். குறித்து முடித்த பிறகும் சிறிது நேரம் நிமிரவில்லை.

பிறகு பூட்டு ஸ்லைடு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நான்கு படம் வரிசையாக: மெயின் ஸ்விட்சை இறக்கும் கை, ஸ்விட்சின் ஓட்டையில் தொங்கும் பூட்டு, சட்டைப் பைக்குள் போகும் சாவி, ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் விரல். மெயின் ஸ்விட்சை இறக்கிப் பூட்டிவிட்டால் கட்டுப்பாட்டுப் பேனலில் எத்தனை முறை அழுத்தினாலும் மிக்சர் ஓடாது. உண்மையில் ஓடவில்லைதானா என்று சோதிப்பதற்காகத்தான் கடைசிப் படம்.

வரிசையாக வந்தவர்கள் முதல் மூன்றையும் சரியாகச் சொன்னார்கள். நான்காவதில் பாதிப் பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். “வேலை முடிஞ்சுது, மெஷினைப் போடு.”

தாதா சுவரைப் பார்த்தார்.

அந்தப் படத்தை உடைத்து இரண்டாக்கினார்கள். முதலில் எல்லாரும் விலகி நிற்பது, பிறகு பட்டனை அழுத்தும் விரலும் அதன் பக்கத்திலேயே அசையாமல் நிற்கும் மிக்சரும். சுழற்சி அம்புக்குறியின் மேல் சிவப்புக் கோடு. கீழே இரண்டே வரி: ‘அழுத்திப் பாருங்கள். மெஷின் அசைந்தால் உள்ளே போகாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.’ இரண்டாவது வரி நீளம் என்று அவளே அதை வெட்டினாள். ‘அசைந்ததா? ஆளைக் கூப்பிடுங்கள்.’

மறுபடி சோதித்தபோது எல்லாரும் சரியாகவே சொன்னார்கள். கடைசியாக வந்தவர் வங்காளத்துக்காரர், மூட்டை தூக்குபவர். எல்லாப் படத்தையும் சரியாகச் சொல்லிவிட்டு, போகாமல் நின்று தாதாவிடம் ஏதோ கேட்டார்.

“என்ன சொல்றார்?” என்றார் சேஃப்டி சார்.

தாதா தயங்கினார். “‘பூட்டு எங்க இருக்கு’ன்னு கேக்கறார். ‘பூட்டுங்கள்னு சொல்லுது, சரி, பூட்டு யாரு தருவாங்க’ன்னு.”

ஆலையில் ஃபிட்டர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பூட்டுதான் இருந்தது. அவளுடைய கணவர் மிக்சருக்குள் இறங்கிய அன்று அது பாய்லர் பக்கம் ஒரு வால்வில் தொங்கிக்கொண்டிருந்தது. மிக்சரின் மூடியைத் திறந்தால் தானாக நிறுத்த வேண்டிய ஸ்விட்ச் பழுதாகி, கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். விபத்துக்கு மறு வாரம் அதைச் சரிசெய்தார்கள். பூட்டு மட்டும் அப்படியே ஒன்றுதான்.

“நான் ரெண்டு வருஷமா எழுதிக் கேக்கறேம்மா,” என்றார் சேஃப்டி சார். ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். தலையில் வியர்வைக் கோடு பதிந்திருந்தது. “ஆளாளுக்கு ஒரு பூட்டு. ரெண்டு பேர் உள்ள போனா ரெண்டு பூட்டும் மாட்டற கொக்கி. இப்ப வேணாம், அப்புறம் பாக்கலாம்னே சொல்லிட்டாங்க.”

“அப்ப இந்த ஸ்லைடைப் போட முடியாது சார்,” என்றாள் அவள். வாதாடும் தொனி எதுவும் அதில் இல்லை. “செய்யுங்கன்னு சொல்றோம். செய்யறதுக்குப் பொருள் இல்ல. பொய்தானே?”

சேஃப்டி சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கடைசி ஸ்லைடைப் பாத்தீங்களா?”

பார்த்திருந்தாள். அதை அவரே செய்துகொள்வதாகச் சொல்லி ஒதுக்கிவைத்திருந்தார். ‘நம் ஆலையில் நடந்த விபத்து’ என்ற தலைப்பு. மிக்சரின் படம். ‘ஊழியர் விதிமுறையைப் பின்பற்றத் தவறினார். காரணம்: கவனக்குறைவு.’

“இதுக்கு என்ன படம் போடறது சார்?” என்று கேட்டாள். “ஒரு ஸ்லைடுக்கு ஒரு வினைச்சொல்னு சொன்னீங்க. கவனக்குறைவுக்கு வினைச்சொல் இல்ல. நான் எழுதிப் பாத்தேன்.”

அவள் எழுதியது திரையில் இருந்தது. படம் மூன்று, வரி மூன்று. ‘ஒருவர் உள்ளே இருந்தார். பூட்டு இல்லை. இன்னொருவருக்குச் சொல் சரியாகக் கேட்கவில்லை.’ தாதா அதை ஏற்கெனவே வங்காளத்தில் எழுதி முடித்திருந்தார். கடைசி வரியை எழுத அவருக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.

*

மேனேஜர் அறையில் அந்த ஸ்லைடைப் போட்டுக் காட்டியபோது அவளும் தாதாவும் இருந்தார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பவர். மூன்று வரியையும் படித்தார். திரும்பவும் படித்தார்.

“இது சபைல போடற மாதிரி இல்லையேம்மா.”

“சரி சார்.”

“பழைய மாதிரி கவனக்குறைவுன்னு போட்டா உங்களுக்கு வருத்தமா இருக்கும். இப்படிப் போட்டா கம்பெனிக்கு வம்பு. இந்த ஸ்லைடே வேணாம். எடுத்துடலாம். பூட்டு ஸ்லைடு?”

“பூட்டு வந்தா போடலாம் சார்,” என்றார் சேஃப்டி சார். “இல்லன்னா புரியுதான்னு சோதிச்சப்போ ஆட்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்துதான் தலைமை ஆபீஸுக்கு அனுப்பணும். எல்லாரும் அதையேதான் கேட்டாங்கன்னு.”

எல்லாரும் கேட்கவில்லை, ஒருவர்தான் கேட்டார். அவள் திருத்தவில்லை. தாதாவும் திருத்தவில்லை.

பூட்டுகள் வந்தன. சிவப்புப் பிளாஸ்டிக் உடம்பு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி, அதுவும் ஒன்றே ஒன்று. ஒவ்வொருவர் படத்தையும் சிறிய ஸ்டிக்கராக அச்சடித்துப் பூட்டில் ஒட்டும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் கழற்றி மாட்டிவைக்க ஒரு பலகையும் அடித்தார்கள்.

அவளுடைய கணவர் அந்த ஸ்லைடு ஷோவில் இல்லை. கவனக்குறைவானவராகவும் இல்லை, குரல் கேட்கப்படாதவராகவும் இல்லை. முதல் பயிற்சி நடந்த அன்று லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்லைடாக நகர்த்தினாள். தாதா எழுந்து நின்று வங்காளத்தில் படித்தார். பூட்டு ஸ்லைடு வந்தபோது அவர் குரல் சற்றுத் தடுமாறி மறுபடி நேரானது. அடுத்து, பச்சையில் ‘நன்றி’ வந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த மூன்று வரி இருந்திருக்க வேண்டும். நகர்த்தும் பொத்தானில் அவள் விரல் சிறிது நேரம் அப்படியே இருந்தது. யாரோ இருமினார்கள். விளக்கைப் போட்டார்கள்.

நாத்தனாரிடம் சாயங்காலம் சொன்னாள். “ஆளாளுக்குப் பூட்டு குடுத்துட்டாங்க.” நாத்தனார், “அண்ணன் பேரை எங்கயாவது போட்டாங்களா?” என்று கேட்டாள். “இல்ல” என்றாள். இரண்டு பேரும் மகளின் பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தையலைப் பிரித்து நீளம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் வளர்ந்திருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்லைடு ஷோ நிறுவனத்தின் இன்னொரு ஆலைக்கும் போனது. அங்கே வேறு மொழிக்காரர்களும் இருந்தார்கள், அவளுக்கு வேலை கூடியது. கூட்டல் கழித்தல் போல அதைச் செய்தாள். சில நாள் ஒரு சொல் சரியாக விழுந்தால் லேசாக ஒரு திருப்தி வரும். வந்தது தெரிந்தவுடன் போய்விடும்.

தாதா அதன் பிறகும் கொஞ்ச காலம் பேனலில் இருந்தார். ஒவ்வொரு முறையும் ஸ்விட்சைப் போடும் முன்னால் மேடை மேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்குவார். பூட்டு தொங்காதபோதும் பார்ப்பார். சரக்கு தாமதமாகிறது என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அவரே போய்க் கேட்டு, பேக்கிங் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். பூட்டையும் சாவியையும் அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

“நான் வர்றேன் அண்ணி,” என்றார்.

பேக்கிங் பிரிவு அடுத்த கட்டடம்தான். இருந்தாலும் அவள் எழுந்து நின்றாள். “சரி,” என்றாள். அவர் போனார்.

பூட்டிலிருந்து அவர் படத்தை உரிக்கப் பார்த்தாள். நகத்துக்கு வரவில்லை. சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அதன் மேல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். ஊறியதும் மெதுவாகக் கிளம்பி வந்தது. மிச்சமிருந்த பசையைத் தேய்த்துத் துடைத்தாள். பேனலுக்கு வந்த புதிய ஆளை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்து, அச்சடித்து, ஒட்டி, பூட்டை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாவி ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான். உங்ககிட்டதான் இருக்கணும். யார் கேட்டாலும் குடுக்கக் கூடாது.”

“மாத்துச் சாவி?”

“கிடையாது,” என்றாள் அவள். அடுத்தவரை உள்ளே கூப்பிட்டாள்.